புலம்பெயர்ந்த குடும்பங்களும் மெசேஜ் செயலிகளும்: குழு உரையாடலுக்கு வழிகாட்டி எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக வேறு நாட்டுக்குப் போனவர்களும் வீட்டில் இருப்பவர்களும் வாட்ஸப், இமோ, மெசஞ்சர் போன்ற செயலிகளில் எப்படித் தொடர்பில் இருக்கிறார்கள் என்று சிலரைக் குழுவாக உட்காரவைத்துக் கேட்கப் போகும் ஆய்வு மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் எழுதியது இது. அந்த உரையாடலை நடத்தும் நெறியாளர் கையில் இருக்கும் கேள்வி வழிகாட்டியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பதிவுகளை எழுதி எடுப்பது, பகுத்து ஆராய்வது ஆகியவை இதில் இல்லை.

இதைத் தனித்தனி நேர்காணலாகச் செய்வதா, ஃபோகஸ் குரூப் எனும் குழு உரையாடலாகச் செய்வதா?

உங்களுக்கு எது தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தது. எது முறை, எது முறையில்லை என்பதைக் கண்டறியக் குழு மிக நல்லது. எத்தனை மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும், இரவில் கூப்பிடலாமா, குடும்பக் குழுவில் எதைப் போடக் கூடாது போன்ற எழுதாத விதிகளை யாரும் தனியாக யோசித்துச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் “நீல டிக் விழுந்தும் பதில் வரலைன்னா எனக்குக் கோபம் வந்துடும்” என்பார். பக்கத்தில் இருப்பவர் “அதுக்காகத்தான் நான் திறக்காமலேயே மேலே தெரியறதை மட்டும் படிச்சிடுவேன்” என்பார். மூன்றாமவர் “அப்படிப் பண்ணா வீட்டுல கண்டுபிடிக்க மாட்டாங்களா?” என்று கேட்பார். உங்களுக்கு வேண்டிய தரவு அவர்களுக்குள் நடக்கும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நெறியாளர் கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

ஆனால் ஒருவருடைய கடன், கணவன் மனைவிக்கு இடையே உள்ள மனக்கசப்பு, விசா முடிந்தும் தங்கியிருப்பது போன்றவை குழுவில் பேசும் விஷயங்கள் அல்ல. ஒவ்வொரு கேள்வியையும் எழுதியதும், இந்தப் பதிலைப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டால் இவருக்கு நாளை தொல்லை வருமா என்று பாருங்கள். வரும் என்றால் அதை நேர்காணலுக்கு ஒதுக்கிவிடுங்கள். முதலில் குழுக்களை நடத்திவிட்டு, அதில் வந்த சிலரைப் பிறகு தனியாகச் சந்திப்பது எனக்குச் சரியாகப்படும் வரிசை. விதிகள் முன்பே தெரிந்திருப்பதால், நேர்காணலில் அவற்றை மீறிய கதைகளைக் கேட்க முடியும்.

ஒரே குடும்பத்தவர் சேர்ந்து வரலாமா? யாரை யாரோடு உட்காரவைப்பது?

ஒரே குடும்பத்திலிருந்து இருவர் ஒரே குழுவில் வேண்டாம். அப்படி வந்தால் ஒருவர் வாயைப் பார்த்து மற்றவர் பேசுவார். ஒத்திகை பார்த்தது போன்ற குடும்பச் சித்திரம்தான் கிடைக்கும்.

போனவர்களுக்கு ஒரு குழு, வீட்டில் இருப்பவர்களுக்கு வேறொரு குழு என்பது அடிப்படைப் பிரிவு. ஒரே வீடியோ காலின் இரு முனைகளில் இருப்பவர்கள் இவர்கள். ஒரு முனையில் மறைப்பது எது என்பது மறு முனைக்காரர் முன்னால் வெளிவராது. வீட்டில் இருப்பவர்களையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். மாமியார் வயதில் உள்ளவர்கள் இருக்கும் குழுவில், போன் யார் கையில் இருக்கிறது, கால் வந்தால் முதலில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி மருமகள் வயதில் உள்ளவர் வாய் திறக்க மாட்டார்.

பலர் மறந்துவிடும் மூன்றாவது வகை ஒன்று உண்டு: பெரியவர்களுக்குப் போனை இயக்கித் தரும் பிள்ளைகள். பாட்டி பேசுகிறார் என்றால் பேரன்தான் அழைப்பைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டியின் வாய்ஸ் நோட்டைப் பதிவு செய்வதும், வந்ததைப் போட்டுக் காட்டுவதும் அவன்தான். எந்த வாக்கியத்தை விட்டுவிட்டு அனுப்பினோம் என்பதும் அவனுக்குத் தெரியும். இவர்களுக்குத் தனிக் குழு வைக்க முடியாவிட்டால், பெரியவர்கள் குழுவிலாவது “நீங்க பேசும்போது பக்கத்துல யார் இருப்பாங்க?” என்ற கேள்வி கட்டாயம் வேண்டும். பங்கேற்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அவரிடமும், பெற்றோரிடமும் ஒப்புதல் பெற வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை குழு?

இந்தத் தலைப்புக்கு ஆறு அல்லது ஏழு பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் கதை சொல்ல நேரம் இருக்காது. 2017இல் கிரெக் கெஸ்ட் என்ற ஆய்வு முறையியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரே வழிகாட்டியைக் கொண்டு நடந்த 40 குழு உரையாடல்களை ஆராய்ந்தார்கள். மொத்தக் கருப்பொருள்களில் 80 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு மூன்று குழுக்களிலும், 90 சதவீதம் மூன்று முதல் ஆறு குழுக்களுக்குள்ளும் வந்துவிட்டன என்று கண்டார்கள். அவர்கள் எடுத்தது ஒரே மாதிரியான மக்களை. நீங்கள் மூன்று வகையினரைக் கேட்கிறீர்கள் என்றால், வகைக்கு மூன்று என்று ஒன்பது குழுக்களுக்குத் திட்டமிடுங்கள்.

எங்கள் ஆய்வுக்கு நிதி தருபவர் 22 கேள்விகள் கொடுத்திருக்கிறார். 90 நிமிடத்தில் முடியுமா?

முடியாது. கணக்குப் போட்டு அவரிடமே காட்டுங்கள். வரவேற்பு, விதிகள், ஒப்புதல் எல்லாம் சேர்த்து 10 நிமிடம். எல்லாரும் ஒருமுறை பேசும் தொடக்கச் சுற்று 10. அங்கிருந்து விஷயத்துக்கு இறங்க 10. முடிக்க 5. மிச்சம் 55 நிமிடம். ஏழு பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினாலே ஒரு கேள்விக்கு 14 நிமிடம் போய்விடும். ஒருவருக்கொருவர் மறுத்துப் பேச நான்கு நிமிடமாவது விட வேண்டும். ஆக, முக்கியக் கேள்விகள் மூன்று.

22 கேள்விகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தச் செயலி, வாரத்தில் எத்தனை அழைப்பு, டேட்டா யார் போடுகிறார்கள் போன்றவை எண்ணிச் சொல்லும் விவரங்கள். அவற்றை ஒரு பக்கப் படிவமாக்கி, வந்து உட்காரும்போதே நிரப்பி வாங்கிவிடலாம்; எழுதச் சிரமப்படுபவரிடம் குறிப்பெடுப்பவர் தனியாகக் கேட்டு நிரப்பலாம். மீதியில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு முக்கியக் கேள்வியின் கீழ்த் துணைக் கேள்வியாக அடங்கும். துணைக் கேள்விகளை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சு தானாக அங்கே போகாவிட்டால் மட்டும் எடுக்க வேண்டியவை அவை.

நான் தேர்ந்தெடுக்கும் மூன்று கேள்விகள்: கடைசியாக நடந்த தொடர்பு, பதில் வராத நேரம், சொல்லாமல் விட்டது. கீழே மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம்.

எதைக் கேட்டுத் தொடங்குவது?

எல்லாரும் அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய, யாருக்கும் சங்கடம் தராத ஒன்று. “உங்க பேரு என்னன்னு கூப்பிடணும்? இன்னைக்குக் காலையில முதல் மெசேஜ் யார்கிட்டேர்ந்து வந்துச்சு?” என்பது நன்றாக வேலை செய்யும். காலை வணக்கப் படம் என்று ஒருவர் சொன்னதும் இன்னும் மூவர் தலையாட்டுவார்கள். விஷயம் அங்கேயே தொடங்கிவிடும். எத்தனை வருடமாக வெளியே இருக்கிறீர்கள், என்ன வேலை, என்ன சம்பளம் போன்றவற்றை முதல் சுற்றில் கேட்காதீர்கள். அவை யார் மேலே, யார் கீழே என்ற வரிசையை அறைக்குள் கொண்டுவந்துவிடும்.

எல்லாரும் “தினமும் பேசுவோம், ஒரு குறையும் இல்லை” என்றுதான் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தத் தலைப்பில் வழிகாட்டிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். “நீங்கள் குடும்பத்துடன் எவ்வளவு அடிக்கடி தொடர்பு கொள்கிறீர்கள்?” என்று கேட்டால், கேட்கப்படுபவர் காதில் அது “நீங்கள் நல்ல மகனா?” என்று விழுகிறது. முதல் ஆள் “தினமும்” என்றதும் இரண்டாம் ஆள் “மாசத்துக்கு நாலு தடவை” என்று சொல்ல முடியாது. சுற்று முடியும்போது ஏழு நல்ல பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபோகஸ் குரூப் முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், 1940களில் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களிடம் பேசும்போது, அவர்கள் கேட்ட அந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சியிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். பொதுவாக வானொலி எப்படி என்று கேட்பது அவர் வழி அல்ல. எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு திட்டமான பொருளின் மீது பேச்சைக் குவிப்பதுதான் முறையின் உயிர். நம் விஷயத்தில் அந்தப் பொருள், கடைசியாக நடந்த ஒரு தொடர்பு.

ஆகவே முதல் முக்கியக் கேள்வி இப்படி இருக்கட்டும்: “கடைசியா நீங்களும் வீட்டுல ஒருத்தரும் பேசினதையோ மெசேஜ் போட்டதையோ நினைச்சுப் பாருங்க. யார் ஆரம்பிச்சது, அப்ப நீங்க எங்க இருந்தீங்க, எப்படி முடிஞ்சது?” பதில் எப்படி மாறும் என்று பாருங்கள். பொதுக் கேள்விக்குத் “தினமும் பேசுவோம்” என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவர், இப்போது இப்படிச் சொல்லலாம்: “நேத்து ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தேன். வீட்டுல தூங்கியிருப்பாங்க. ஒரு வாய்ஸ் நோட்டு போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில பொண்ணு ஹார்ட்டு போட்டிருந்தா.” இவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுவே பேசியது. ஆனால் உங்களுக்கு வேலை நேரம், நேர வித்தியாசம், அழைப்புக்குப் பதில் வாய்ஸ் நோட், பதிலாக வந்த ஒரு எமோஜி எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டன.

துணைக் கேள்விகள் இந்தக் காட்சிக்குள்ளேயே நிற்க வேண்டும். “ஏன் கூப்பிடாம வாய்ஸ் நோட்டு போட்டீங்க?” “ரூம்ல அப்ப யாராவது இருந்தாங்களா?” பகிர்ந்து தங்கும் அறைகளில் ஆறு பேருக்கு நடுவே பேசுபவர் எதைப் பேசுவார், எதை எழுத்தில் வைத்துக்கொள்வார் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வெளிவரும்.

நீல டிக், லாஸ்ட் சீன் பற்றியெல்லாம் கேட்க வேண்டுமா? சின்ன விஷயங்களாகத் தெரிகிறதே.

கேட்க வேண்டும், இரண்டாவது முக்கியக் கேள்வியே அதுதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு மெசேஜ் சொல்வதைவிட மெசேஜைச் சுற்றியுள்ள அடையாளங்கள் சில நேரம் அதிகம் சொல்கின்றன. இரவு ஒரு மணிக்கு ஆன்லைனில் இருந்தாய், எனக்கு ஏன் கூப்பிடவில்லை என்ற சண்டை லாஸ்ட் சீன் இல்லாமல் வந்திருக்காது.

கேள்வி: “நீங்க அனுப்பினதுக்கு ரொம்ப நேரம் பதிலே வராத ஒரு நாளைச் சொல்லுங்க. அந்த நேரத்துல எதை எதைப் பார்த்தீங்க, என்ன நினைச்சீங்க?” நீல டிக்கை முதலில் நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களாகச் சொன்னால் அது அவர்கள் வாழ்க்கையில் இருப்பது. நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் வழிகாட்டியில் இருப்பது மட்டும்தான்.

நெறியாளருக்குச் செயலி வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸப்பில் படித்ததைக் காட்டும் வசதியை அணைத்தால், மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. குடும்பக் குழுவுக்கு அந்த அணைப்பு செல்லாது. வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டோம் என்ற அடையாளத்தையும் அது மறைக்காது. ஒருவர் “நான் அதை ஆஃப் பண்ணிட்டேன், யாருக்கும் தெரியாது” என்றால், “வாய்ஸ் நோட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்கத் தெரிய வேண்டும். அங்கேதான் கேட்காமல் வைத்திருக்கும் வாய்ஸ் நோட்டுகளின் கதை வரும். இந்த விவரங்களை வழிகாட்டியின் ஓரத்தில் நெறியாளருக்கான குறிப்பாக எழுதிவையுங்கள். செயலிக்குச் செயலி இவை மாறும் என்பதால், முன்னே வாங்கிய படிவத்தில் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குடும்பத்திடம் மறைப்பதைப் பற்றி எப்படிக் கேட்பது? நேராகக் கேட்டால் யாரும் பேசுவதில்லை.

இதுதான் மூன்றாவது முக்கியக் கேள்வி. நேராகக் கேட்காதீர்கள். ஒரு சின்னக் கதையை வாசியுங்கள். பெயர் வைக்க வேண்டாம். யாராவது ஒருவருக்குத் தெரிந்தவர் பெயராக அமைந்துவிடும். போனவர்கள் குழுவுக்கான கதை இது:

“ஒரு பொண்ணு வெளிநாட்டுல வேலை பார்க்குறாங்க. ஊர்ல அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. குடும்ப குரூப்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும், இவங்களுக்கு மட்டும் சொல்லலை. அன்னைக்கு இவங்க வீடியோ கால் போட்டப்போ, வீட்டுல உள்ளவங்க நெட்டு சரியில்லைன்னு சொல்லி கேமராவை ஆஃப் பண்ணிட்டுப் பேசினாங்க.”

பிறகு இரண்டு கேள்விகள், இந்த வரிசையில்: “வீட்டுல உள்ளவங்க ஏன் இப்படிப் பண்ணியிருப்பாங்க?” “இவங்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?” முதல் கேள்விக்குக் குழு மறைத்தவர்களின் பக்கம் நின்று பேசும்: அவள் பதறுவாள், லீவு கிடைக்காது, வந்துபோகும் செலவு. இரண்டாவதில் தங்கள் அனுபவத்துக்கு வந்துவிடுவார்கள். குரல் மாறியது, வழக்கமாகப் பேசும் இடத்தில் உட்காரவில்லை, குடும்பக் குழு திடீரென்று அமைதியாகிவிட்டது, தன்னை விட்டுவிட்டு வேறொரு குழு தொடங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். “எங்க வீட்டுலயும் ஒரு தடவை” என்று யாராவது தொடங்கினால் கேளுங்கள். தொடங்காவிட்டால் இழுக்காதீர்கள், கதையைப் பற்றிப் பேசியதே போதுமான தரவு.

வீட்டில் இருப்பவர்கள் குழுவுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. வழக்கம்போலக் காலை வணக்கம் அனுப்புகிறார், வீடியோ காலில் மட்டும் வருவதில்லை. கேள்விகள் அதேதான். இரு குழுக்களிலும் ஒரே அச்சில் கதை இருந்தால்தான், எந்த முனையில் எந்த அடையாளத்தைப் பார்க்கிறார்கள் என்று பின்னால் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.

பணத்தைப் பற்றிய கதையையும் இப்படி எழுதலாம். ஆனால் ஒரு வழிகாட்டியில் ஒரு கதை போதும். நோய், பணம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அறை கனத்துவிடும். வீட்டுக்குப் போகும்போதும் அந்தப் பாரம் அவர்களோடு போகும். பெற்றோரின் இறப்பை எந்தக் கதையிலும் வைக்காதீர்கள். இறுதிச் சடங்கை வீடியோ காலில் பார்க்க நேர்ந்த ஒருவர் அந்த அறையில் இருக்கலாம். யாராவது உடைந்து அழுதால் யார் அவரோடு வெளியே போய் உட்காருவது என்பதை முன்பே முடிவு செய்து வழிகாட்டியில் எழுதிவையுங்கள். பொதுவாக அது குறிப்பெடுப்பவரின் வேலை.

போனை எடுத்து மெசேஜைக் காட்டச் சொல்லலாமா? நினைவில் இருந்து சொல்வதைவிடத் துல்லியமாக இருக்குமே.

காட்டச் சொல்லாதீர்கள். திரையில் இருப்பது இரண்டு பேருடைய பேச்சு. ஒருவர்தான் உங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார். மேலும், ஒருவர் காட்டியதும் மற்றவர்கள் காட்டாமல் இருக்க முடியாத நிலை வந்துவிடும். துல்லியம் வேண்டுமென்றால், “உங்க போனை நீங்க மட்டும் ஒரு நிமிஷம் பாருங்க, பார்த்துட்டு உள்ளே வச்சிடுங்க, அப்புறம் பேசலாம்” என்று சொல்லலாம். முதல் முக்கியக் கேள்விக்கு முன்னால் இந்த ஒரு நிமிடம் பெரிய உதவி.

வருபவர்களை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்து இடம், நேரம் சொல்லலாமா?

வேண்டாம். குழுவில் சேர்த்தவுடன் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டில் ஆவணம் சரியில்லாமல் இருப்பவருக்கோ, தனியாக இருக்கும் பெண்ணுக்கோ அது சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒப்புதல் வாசகத்திலும் ஒரு நேர்மை வேண்டும். நீங்கள் ரகசியம் காப்பீர்கள் என்று உறுதி தரலாம்; அறையில் இருக்கும் மற்ற ஆறு பேர் காப்பார்கள் என்று தர முடியாது. “இங்க கேட்டதை வெளியே சொல்லாதீங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்குறோம். ஆனா அதுக்கு நாங்க உத்தரவாதம் தர முடியாது. அதனால சொல்ல வேணாம்னு தோணுறதைச் சொல்லாதீங்க” என்பதை நெறியாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை அதற்குப் பிறகுதான் இயக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களை ஆன்லைனில் கூட்டினால் இதே வழிகாட்டி போதுமா?

போதாது. ஆளைக் குறைத்து நான்கைந்து பேராக்குங்கள். நேரத்தையும் 75 நிமிடத்துக்குள் முடியுங்கள். திரையில் இருவர் ஒரே சமயத்தில் பேச முடியாததால், ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து மறுக்கும் இயல்பு போய்விடும். அதனால் முக்கியக் கேள்விகள் மூன்றை இரண்டாக்க வேண்டி வரும். நான் இரண்டாவதை விட்டுவிட்டு, பதில் வராத நேரத்தை முதல் கேள்வியின் துணைக் கேள்வியாக வைப்பேன்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது இன்னும் பெரிய சிக்கல். அறைத்தோழர் கட்டிலில் படுத்திருக்கும்போது ஒருவர் ஒருமாதிரிதான் பேசுவார். தொடக்கத்திலேயே “தனியா பேச முடியுற இடத்துல இருக்கீங்களா? இல்லைன்னா ஹெட்போன் போட்டுக்கோங்க, சாட்ல எழுதினாலும் போதும்” என்று சொல்லிவிடுங்கள். கேமராவை இயக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வழிகாட்டி சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உரக்க வாசித்துப் பாருங்கள். எழுத்து நடையில் இருக்கும் கேள்வியை நெறியாளர் களத்தில் தன் போக்கில் மாற்றிவிடுவார். ஒவ்வொரு நெறியாளரும் ஒவ்வொரு மாதிரி மாற்றினால் குழுக்களை ஒப்பிட முடியாது. பேசும் விதமாகவே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, ஆய்வில் சேராத ஐந்தாறு பேரை வைத்து ஒருமுறை நடத்தி, ஒலிப்பதிவைக் கேளுங்கள். ஒவ்வொரு பதிலும் நெறியாளரிடமே திரும்பி வருகிறதா, அல்லது பங்கேற்பவர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்களா? முதல் வகை என்றால், ஏழு பேரை வைத்து ஏழு குட்டி நேர்காணல்கள் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கேள்விகள் ஒவ்வொருவருடைய விவரத்தையும் தனியாகக் கேட்பவையாக இருக்கும்; “மத்தவங்களுக்கு இது எப்படி?” என்ற ஒரு வரியைச் சேர்த்தாலே பல நேரம் சரியாகும். ஆள் பெயர், நேரம், இடம் இல்லாத பதில்களே வருகின்றன என்றால், கடைசித் தொடர்பு பற்றிய கேள்வி இன்னும் பொதுவாக இருக்கிறது. “நேற்று” என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிச்சம் என்றால், வெட்ட வேண்டியது தொடக்கப் பகுதி, கதையைச் சுருக்காதீர்கள். வரிசையில் கடைசியில் இருந்தாலும், மற்ற இரண்டு கேள்விகளும் ஆட்களைத் தயார் செய்வது அந்தக் கதைக்குத்தான்.

முதல் குழு முடிந்தபின் கேள்விகளை மாற்றலாமா?

துணைக் கேள்விகளைத் தாராளமாக மாற்றலாம். பங்கேற்பவர்களே பயன்படுத்திய சொற்களை அதில் சேர்ப்பது நல்லது. மூன்று முக்கியக் கேள்விகளையும் கதையையும் தொடாதீர்கள். அவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தால், அதுவரை நடந்த குழுவை முன்னோட்டமாகக் கணக்கில் எழுதிவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள். எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்று வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒன்பதாவது குழுவின் பதிவை இரண்டாவதோடு ஒப்பிட உட்காரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவீர்கள்.